அட்மின் பக்கம் ஜெர்மன்ல இருக்கா? மெனுவைப் படிக்காதீங்க, முகவரியைப் படிங்க!

புதூர்ல ஒரு குடும்பம் கடலைமிட்டாய் விக்குதுன்னு வச்சுக்குவோம். ஜெர்மனியில வேலை பார்க்குற மச்சான் ஒருத்தர், லீவுல ஒரு வெப்சைட்டைப் போட்டுக் கொடுத்துட்டு ஊருக்குத் திரும்பிட்டார். இப்போ கடைப் பையன் மொபைல்ல உள்ளே நுழைஞ்சா `Einstellungen`, `Benutzer`னு ஒரே ஜெர்மன். 2020-ல கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைச்ச பிறகு, அந்தப் பெயரை இணையத்துல தேடி வாங்குறவங்களும் இருக்காங்க. ஆனா விலையை மாத்தணும்னா கூட எந்த பட்டனை அழுத்துறதுன்னு தெரியலை.

சைட் வேர்ட்பிரஸ்ல போட்டதா இருந்தா பயப்பட வேண்டாம். திரையில இருக்குற சொற்கள்தான் மொழிக்குத் தகுந்த மாதிரி மாறும், பக்கங்களோட முகவரி மாறாது. ஜெர்மனா இருந்தாலும் ஜப்பானிய மொழியா இருந்தாலும் பயனர்கள் பக்கம் `users.php`தான். அரபியில வச்சிருந்தா மெனு முழுக்க வலது பக்கத்துக்குப் போயிடும், அப்பவும் முகவரி இதேதான். அதனால லாகின் பண்ணிட்டு, பிரவுசர்ல உங்க சைட் பெயருக்குப் பின்னாடி இதை டைப் பண்ணுங்க:

```
/wp-admin/profile.php
```

இது உங்க சொந்த புரொஃபைல் பக்கம். இதுல மொழிக்கான பட்டியல் ஒண்ணு இருக்கும். ஒவ்வொரு மொழியோட பெயரும் அந்தந்த மொழியிலேயே எழுதியிருக்குறதால கண்டுபிடிக்குறது சுலபம். `English (United States)` எப்பவும் அதுல இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தோட அடியில இருக்குற நீல பட்டனை அழுத்தினா உங்களுக்கு மட்டும் ஆங்கிலம் வந்துடும், மச்சானுக்கு ஜெர்மன் அப்படியே இருக்கும். 2016 டிசம்பர்ல வந்த 4.7 பதிப்புல இருந்து இந்த வசதி உண்டு.

தமிழ்தான் வேணும்னா, அது முதல்ல சைட்ல இறங்கியிருக்கணும். அட்மின் ஒருத்தர் `/wp-admin/options-general.php` போய், சைட் மொழியில `தமிழ்` தேர்ந்தெடுத்து சேமிச்சா இறங்கிடும். ஆனா அந்த இடத்துல மாத்துறது வாடிக்கையாளர் பார்க்குற பக்கத்தையும் தொடும். தேதி, கமென்ட் பெட்டி, தேடல் பட்டன்ல இருக்குற சொற்கள் எல்லாம் அந்த அமைப்பைப் பார்த்துத்தான் வரும். தமிழ்க் கடைக்கு அது நல்லதுதான், செய்யுறது தெரிஞ்சு செஞ்சா சரி.

அந்தப் பக்கத்துக்குப் போறப்போ இன்னொண்ணும் பார்த்துடுங்க. அட்மின் மெயில் முகவரின்னு ஒரு பெட்டி இருக்கும். ஏதாவது பிளகின் சைட்டையே முடக்கிட்டா, சரிபண்ண உள்ளே போறதுக்கான லிங்க்கை வேர்ட்பிரஸ் அந்த மெயிலுக்குத்தான் அனுப்பும். அதுல இருக்குறது மச்சானோட பழைய மெயிலா இருந்தா, தீபாவளி ஆர்டர் நேரத்துல சைட் படுத்துக்கும்போது லிங்க் எங்கேயோ போய்ச் சேரும்.

பிளகின் பக்கம் `plugins.php`. வேலை செய்யுற பிளகினுக்கு வெளிர்நீலப் பின்னணியும் இடது ஓரத்துல நீலக் கோடும் இருக்கும். நிறுத்தி வச்சதுக்கு வெள்ளைப் பின்னணி. நிறுத்தி வச்சதுல மட்டும் சிவப்பு எழுத்துல ஒரு லிங்க் வரும், ஜெர்மன்ல அது `Löschen`. அழிக்கிறதுன்னு அர்த்தம். நிறுத்துறதும் அழிக்கிறதும் ஒண்ணு இல்லை. நிறுத்தினா அமைப்புகள் பொதுவா அப்படியே இருக்கும், அழிச்சா சில பிளகின்கள் தன்னோட தகவலையும் சேர்த்துத் துடைச்சிட்டுப் போயிடும். எதுன்னு சந்தேகமா இருந்தா லிங்க்கை அழுத்திப் பிடிங்க. முகவரிக்குள்ள `action=deactivate`னு இருந்தா அது வெறும் நிறுத்தல்.

அடுத்து பெர்மாலிங்க், அதாவது ஒவ்வொரு பக்கத்துக்குமான நிரந்தர முகவரி. அமைக்குற இடம் `options-permalink.php`. பெட்டியில `/%postname%/`னு இருந்தா தலைப்பே முகவரியா வரும். தமிழ்ல தலைப்பு வைக்கிறவங்களுக்கு இங்கே ஒரு சங்கடம் இருக்கு. 'க' ஒண்ணே முகவரியில `%E0%AE%95`னு ஒன்பது இடத்தைப் பிடிக்கும். கொம்பு, கால், புள்ளிக்கும் தனித்தனியா ஒன்பது. ஆனா தலைப்புப் பகுதிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருக்குறது மொத்தமே 200 இடம்.

'கோவில்பட்டி கடலைமிட்டாய்'னு தலைப்பு வச்சா என்ன ஆகும்? முதல் சொல்லுல குறிகளோட சேர்த்து 11, அதுக்கு 99 இடம். நடுவுல ஒரு சின்னக் கோடு, ஆக 100. ரெண்டாவது சொல்லுல 12, அதுக்கு 108. மொத்தம் 208. கடைசிப் புள்ளிக்கு இடம் இல்லாம, முகவரி 'மிட்டாய'ன்னு முடிஞ்சுடும்! லிங்க் வேலை செய்யும்தான். ஆனா வாட்ஸ்அப்ல ஒட்டினா பல நேரம் சதவீதக் குறியா நீளமா ஓடும், பார்க்குறவங்க ஏதோ மோசடி லிங்க்னு நினைச்சு விலகலாம். தலைப்பு தமிழ்லயே இருக்கட்டும், முகவரியை மட்டும் எடிட்டர்ல `kovilpatti-kadalai-mittai`னு மாத்திக்கலாம். வெளியான பதிவுல மாத்தினா, பழைய முகவரிக்கு வர்றவங்களை வேர்ட்பிரஸ் புதுசுக்குத் திருப்பி விடும். தனிப் பக்கங்களுக்கு அந்த ஏற்பாடு இல்லை. அதனால 'தொடர்புக்கு' பக்கத்தோட முகவரியை ஏற்கெனவே மிட்டாய் டப்பாவுல அச்சடிச்சிருந்தா கை வைக்காம விட்டுடுங்க.

முகப்பு திறக்குது, உள்ளே மத்த பக்கமெல்லாம் 404 காட்டுதுன்னா, அதே பெர்மாலிங்க் பக்கத்துல எதையும் மாத்தாம நீல பட்டனை மட்டும் ஒருமுறை அழுத்திப் பாருங்க. சர்வருக்கான வழிகாட்டு விதிகள் திரும்ப எழுதப்படும், பல நேரம் அதுலயே சரியாகிடும்.

கடைசியா பயனர் பொறுப்புகள். மொழிபெயர்ப்பு ஆப் கால வாருறது இந்த இடத்துலதான். ஜெர்மன் பட்டியல்ல `Mitarbeiter`னு ஒரு பொறுப்பு இருக்கும். ஆப்ல போட்டா 'பணியாளர்'னு சொல்லும். நம்ம கடைப் பணியாளர்தானேன்னு பையனுக்கு அதைக் கொடுத்தா, அவன் எழுதலாம், ஆனா வெளியிட முடியாது, படம்கூட ஏத்த முடியாது. ஏன்னா அது ஆங்கிலத்துல `Contributor`. எழுதின பதிவைப் படத்தோட தானே வெளியிட `Autor` வேணும். அடுத்தவங்க பதிவையும் திருத்த `Redakteur` வேணும். பிளகின், பெர்மாலிங்க் பக்கமெல்லாம் `Administrator`க்கு மட்டும்தான் திறக்கும். முன்னாடி சொன்ன பக்கங்கள் உங்களுக்குத் திறக்கலைன்னா காரணம் மொழி இல்லை, பொறுப்பு.

யார் கையில முழுச் சாவி இருக்குன்னு பார்க்க, இதை டைப் பண்ணுங்க. பொறுப்போட பெயர் முகவரியில எல்லா மொழியிலும் இப்படித்தான் இருக்கும்:

```
/wp-admin/users.php?role=administrator
```

வேலையை விட்டுப் போனவங்க பெயர் அதுல இருந்தா உடனே டெலீட் பண்ணிடாதீங்க. அவங்க ஏதாவது பதிவு போட்டிருந்தா, அழிக்கும்போது வேர்ட்பிரஸ் ரெண்டு வட்டம் காட்டிக் கேக்கும். ஒண்ணு அவங்க போட்ட எல்லாத்தையும் சேர்த்து அழிக்கிறது, இன்னொண்ணு வேற ஆள் பெயருக்கு மாத்துறது. ஜெர்மன் தெரியாம முதல் வட்டத்தைத் தொட்டா, மச்சான் போட்ட அத்தனை மிட்டாய்ப் பக்கமும் அவர் கணக்கோட போயிடும். எந்த வட்டத்துக்குப் பக்கத்துல பெயர்ப் பட்டியல் இருக்கோ, அதுதான் நமக்கு வேண்டியது. அதுகூட அவசரம் இல்லை. முதல்ல அவங்களை `Abonnent` ஆக்கிடுங்க. அந்தப் பொறுப்புல இருக்குறவங்களால தங்களோட புரொஃபைலைத் தவிர வேற எதையும் மாத்த முடியாது. ஒரு வாரம் சைட் ஒழுங்கா ஓடுதான்னு பார்த்துட்டு அழிச்சுக்கலாம்.