கோட்டுக்குக் கீழே என்ன வரைவது?

எலக்ட்ரானிக்ஸ் பயிற்சித்தாள்களில் தப்பாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. மேலே ஒரு சைன் அலை, நடுவில் டயோடு போட்ட ஒரு சுற்று, கீழே வெறும் கட்டங்கள். 'வெளியீட்டு அலைவடிவத்தை வரைக.' மாணவர்களுக்கு விடை மனப்பாடம். அரை அலைதிருத்தி என்றால் ஒரு மேடு, ஒரு வெற்றிடம், மறுபடி ஒரு மேடு. முழு அலைதிருத்தி என்றால் இடைவெளி இல்லாமல் வரிசையாக மேடுகள். அந்தக் கட்டங்களில் வோல்ட் எவ்வளவு, மில்லிசெகண்ட் எவ்வளவு என்று குறிக்கச் சொன்னால்தான் பென்சில் தயங்கும்.

கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 12 வோல்ட் டிரான்ஸ்பார்மரையே எடுத்துக்கொள்வோம். வீட்டு மின்சாரம் 230 வோல்ட், நொடிக்கு 50 சுழற்சி. ஒரு சுழற்சிக்கு 20 மில்லிசெகண்ட். அதில் முதல் 10 மேடு, அடுத்த 10 பள்ளம். டிரான்ஸ்பார்மர் மின்னழுத்தத்தைக் குறைக்குமே தவிர, இந்தத் தாளத்தை மாற்றாது. முதல் சறுக்கல் இங்கேதான். 12 வோல்ட் என்று எழுதியிருப்பதால் மேட்டின் உச்சியையும் 12 என்றே பலர் குறித்துவிடுகிறார்கள். மாறுமின்னோட்டத்தில் 12 வோல்ட் என்றால், 12 வோல்ட் பேட்டரி ஒரு மின்தடையை எவ்வளவு சூடாக்குமோ அவ்வளவு சூடாக்கும் என்றுதான் பொருள். அலை பாதி நேரம் தாழ்ந்தே கிடப்பதால், அந்தச் சூட்டை எட்ட உச்சியில் அதைவிட உயர்ந்தாக வேண்டும். 12ஐ 1.414ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 17 வோல்ட் வரும். ஆகவே உள்ளீட்டு அலை 5ஆவது மில்லிசெகண்டில் +17ஐத் தொட்டு, 10இல் சுழிக்கு இறங்கி, 15இல் -17க்குப் போய், 20இல் மறுபடி சுழிக்கு வருகிறது.

இப்போது ஒரே ஒரு டயோடு. கடையில் 4007 என்று கேட்டால் கொடுக்கிற, கறுப்பு உடம்பில் வெள்ளிக் கோடு போட்ட அதே டயோடு. கிணற்று மோட்டாரின் புட்வால்வு தண்ணீரை மேலே விடும், கீழே விடாது. டயோடும் மின்னோட்டத்தை வெள்ளிக் கோடு இருக்கும் பக்கமாக மட்டுமே வெளியே விடும். வால்வைத் திறக்கக் கொஞ்சம் அழுத்தம் வேண்டும் அல்லவா? சிலிக்கான் டயோடுக்கு அது ஏறக்குறைய 0.7 வோல்ட். திறந்த பிறகும் அந்த 0.7ஐ அது தன் பங்காக எடுத்துக்கொள்ளும். எனவே மின்தடையின் குறுக்கே கிடைக்கும் மேட்டின் உச்சி 17 அல்ல, 16.3. பள்ளம் வரும் 10 மில்லிசெகண்டும் கோடு சுழியிலேயே படுத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் பள்ளம் மறைந்துபோவதில்லை. அந்த 17 வோல்ட்டும் டயோடின் தலையிலேயே தலைகீழாக விழுகிறது. அதைத் தாங்கும் திறன் டயோடுக்கு இருக்க வேண்டும்.

வீணாகும் பள்ளத்தையும் பயன்படுத்த நான்கு டயோடுகளைப் பாலமாகக் கோப்பது பிரிட்ஜ் சுற்று. டிரான்ஸ்பார்மரின் இரண்டு முனைகளில் எது நேர்மின் பக்கமாக இருந்தாலும், எதிரெதிராக உள்ள இரண்டு டயோடுகள் திறந்து, மின்தடைக்குள் ஒரே திசையில் மின்னோட்டத்தை அனுப்புகின்றன. பள்ளம் இருந்த இடத்தில், அதே நேரத்தில், அதே அகலத்தில் ஒரு மேடு எழும்புகிறது. முழு அலையில் அதிர்வெண் இரட்டிப்பாகி 100 ஆகிறது என்று படித்ததை நினைவில் வைத்துக்கொண்டு, மேடுகளைப் பாதி அகலத்துக்கு நெருக்கி வரைபவர்கள் நிறைய. அகலம் எப்போதும் 10 மில்லிசெகண்ட்தான். காலியாக இருந்த இடம் நிரம்பியது, அவ்வளவே. இரண்டு அரைகளும் சேர்வதால் உயரம் இரட்டிப்பாகும் என்று எண்ணுவதும் தவறு. மின்னோட்டம் ஒவ்வொரு தடவையும் இரண்டு டயோடுகளைக் கடக்க வேண்டியிருப்பதால், உச்சி இன்னும் குறைந்து 15.6 வோல்ட் ஆகிறது. கூர்ந்து வரைபவர் இன்னொன்றையும் காட்டுவார். உள்ளீடு 1.4 வோல்ட்டைத் தாண்டும் வரை எதுவும் வெளியே வராது என்பதால், இரண்டு மேடுகளுக்கு இடையே ஏறக்குறைய அரை மில்லிசெகண்ட் கோடு சுழியில் தட்டையாக இருக்கும். 230 வோல்ட் அலையில் இது கண்ணுக்கே தெரியாது. 12 வோல்ட்டில் தெரியும்.

வரைந்ததைச் சரிபார்க்க மல்டிமீட்டர் போதும். நேர்மின்னோட்ட வோல்ட் நிலையில் வைத்தால் அது சராசரியைக் காட்டும். டிரான்ஸ்பார்மர் சரியாக 12 வோல்ட் தருகிறது என்று கொண்டால், அரை அலைக்கு 5 வோல்ட்டைச் சற்றே தாண்டும். பிரிட்ஜுக்கு ஒன்பதரையை ஒட்டி வரும். 12 வரவில்லையே என்று டிரான்ஸ்பார்மரைக் குறை சொல்லக் கூடாது.

உள்ளீடும் வெளியீடும் மேலும் கீழுமாகத் தாளில் அழகாக நிற்கின்றன. அதே காட்சியை ஆசிலோஸ்கோப் திரையில் இரண்டு சானல்களிலும் ஒன்றாகப் பார்த்துவிடலாம் என்று இறங்கினால் ஆபத்து. வழக்கமான ஆசிலோஸ்கோப்பில் இரண்டு புரோப்களின் கிரவுண்ட் கிளிப்புகளும் உள்ளே ஒன்றாக இணைந்தவை. ஒன்றை டிரான்ஸ்பார்மர் முனையிலும் மற்றொன்றைப் பிரிட்ஜின் எதிர்முனையிலும் மாட்டினால், நடுவிலுள்ள ஒரு டயோடு அந்தக் கம்பி வழியாகவே ஷார்ட் ஆகிவிடும். பிறகு ஒரு அரைச் சுழற்சியில் டிரான்ஸ்பார்மரின் இரு முனைகளுக்கும் இடையே ஒற்றை டயோடு மட்டுமே நிற்கும்; அது புகையும். பிரிட்ஜில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். ஒற்றை டயோடு சுற்றில் இந்தச் சிக்கல் இல்லை. டயோடை மேல் கம்பியில் வைத்தால் கீழ்க் கம்பி இரண்டுக்கும் பொதுவாக இருக்கும்.

பழுது பார்க்கவும் இந்தப் படமே வழிகாட்டும். பிரிட்ஜ் சுற்றில் மீட்டர் ஒன்பதரைக்குப் பதில் 5க்கும் கீழே காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். திரையில் ஒன்று விட்டு ஒன்றாக மேடுகள் காணாமல் போயிருக்கும்; இருக்கும் மேடுகளின் உச்சி மட்டும் பழையபடி 15.6. நான்கில் ஒரு டயோடு திறந்துபோயிருக்கிறது, சுற்று அரை அலைதிருத்தியாகிவிட்டது. ஷார்ட் ஆகியிருந்தால் இப்படிச் சாந்தமாக இருக்காது. டிரான்ஸ்பார்மர் கொதிக்கும், ஃபியூஸ் இருந்தால் போகும்.

எந்த டயோடு என்பதை அலைவடிவம் சொல்லாது. காணாமல்போன மேட்டுக்கு இரண்டு டயோடுகள் பொறுப்பு. அவற்றில் எது செத்தாலும் படம் ஒன்றுதான். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மல்டிமீட்டரை டயோடு சோதனை நிலைக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். நல்ல டயோடு ஒரு பக்கம் 0.5இலிருந்து 0.7க்குள் காட்டும், புரோப்களை மாற்றிப் பிடித்தால் ஓப்பன். ஆனால் டிரான்ஸ்பார்மர் சுற்றோடு இணைந்திருக்கும்போதே சோதித்தால், செத்த டயோடும் 0.6 காட்டி ஏமாற்றும். மீட்டரின் சிறு மின்னோட்டம் டிரான்ஸ்பார்மரின் சுருள் வழியாகச் சுற்றிப் பக்கத்து டயோடுக்குள் நுழைந்துவிடுவதே காரணம். டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் இரண்டு கம்பிகளில் ஒன்றையும், மின்தடையின் ஒரு முனையையும் கழற்றிவிட்டு அளந்தால், இரு பக்கமும் ஓப்பன் காட்டுவதுதான் மாற்ற வேண்டிய டயோடு.