ஒன்றரைக் கோடி எந்த வயது வரை வரும்?

60 வயதில் ஓய்வு பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மனைவிக்கு 57. சொந்த வீடு இருக்கிறது, பென்ஷன் இல்லை. பி.எஃப்., கிராஜுவிட்டி, சேமிப்பு எல்லாம் சேர்த்து ஒன்றரைக் கோடி ரூபாய். மாதச் செலவு 50,000. வரி போக 7% வருமானம், விலைவாசி உயர்வு 6% என்று போட்டால் பணம் 28 வருடம் வரும், அவருக்கு 88 வயதாகும் வரை. பெரும்பாலான திட்டங்கள் இந்தக் கணக்கோடு நின்றுவிடுகின்றன.

இதே கணக்கை மோசமான எண்களோடு மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். எக்செல் போதும், நோட்டும் கால்குலேட்டரும் இருந்தால்கூடப் போதும். வருடத்துக்கு ஒரு வரி. தொடக்க இருப்பில் அந்த வருடச் செலவைக் கழியுங்கள், மிச்சத்தை 1.07-ஆல் பெருக்குங்கள், அடுத்த வரியில் செலவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

விலைவாசி 6-க்குப் பதில் 8% ஏறினால் பணம் 82 வயதிலேயே தீர்கிறது. விலைவாசி 6% ஆகவே இருந்து, 62 வயதில் ஒரு பெரிய நோய் வந்தால்? இன்ஷூரன்ஸ் போகக் கைக்காசு 15 லட்சம், அதன்பின் இன்றைய விலையில் மாதம் 5,000 ரூபாய் மருந்துச் செலவு என்று வைத்தால், 83. இரண்டும் சேர்ந்தால் 79. அப்போது மனைவிக்கு 76 வயதுதான். அவர் 92 வரை வாழ்ந்தால் 16 வருடம் கையில் ஒன்றுமில்லை. ஆயுளை மனைவியின் வயதை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். நம் வீடுகளில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

மூன்றையும் தாங்க, மருந்துச் செலவு தனியாகப் போக, இன்றைய மதிப்பில் மாதம் சுமார் 23,000-தான் எடுக்கலாம். முதல் நாளிலிருந்தே அப்படி வாழச் சொல்ல மாட்டேன். ஆனால் தடம் மாறுவதைச் சீக்கிரம் கண்டுபிடித்தாக வேண்டும். பாஸ்புக் அதைக் காட்டாது. 8% விலைவாசியிலும் முதல் வருட முடிவில் இருப்பு 1.54 கோடியாக ஏறித்தான் நிற்கும்.

அதனால் ஒவ்வொரு ஏப்ரலிலும் இருப்பை அந்த வருடச் செலவால் வகுத்துப் பாருங்கள். தொடக்கத்தில் 25 வரும். 65 வயதில் 21 இருந்தால் திட்டம் சரியாகப் போகிறது. 19 என்றால் விலைவாசி முந்திவிட்டது, அந்த வருடமே செலவை ஏற்றாமல் நிறுத்த வேண்டும்.

கணவன், மனைவி இருவர் ஆயுளுக்கும் வரும் ஆன்யுட்டி பென்ஷன் நீண்ட ஆயுளுக்கு நல்ல காப்பு. ஆனால் அந்தத் தொகை பொதுவாக விலைவாசியோடு ஏறாது, ஆகவே ஒரு பகுதிப் பணத்தை மட்டும் அதில் போடலாம். மருத்துவக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 வருடம் வரை காத்திருப்பு உண்டு. அலுவலக பாலிசியை மட்டும் நம்பியிருப்பவர்கள் 55 வயதிலேயே தனியாக ஒன்று எடுத்துவிடுங்கள்.