பதிந்த பெயரும் பழகிய பெயரும்

ஒரு வியாபாரப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள இந்தியச் சட்டத்தில் இரண்டு வழிகள் உண்டு. பெயரை வணிகச் சின்னப் பதிவகத்தில் பதிவு செய்திருந்தால், அதையோ அதைப் போன்ற இன்னொன்றையோ அனுமதியின்றிப் பயன்படுத்துபவர் மீது சின்ன மீறல் வழக்குப் போடலாம். பதிவு செய்யாமலே நெடுநாள் வியாபாரம் நடத்திப் பெயர் வாங்கியிருந்தால் ‘பாஸிங் ஆஃப்’ வழக்குப் போடலாம். தன் சரக்கை அடுத்தவர் சரக்கு என்று வாங்குபவர் நம்பும்படி ஒருவர் விற்கிறார் என்பதே இதில் முறையீடு. முதல் வழி 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம் கொடுத்த உரிமை. இரண்டாவதை எந்தச் சட்டமும் உண்டாக்கவில்லை. இங்கிலாந்து நீதிமன்றங்களின் தீர்ப்புகளில் வளர்ந்து இங்கே வந்து சேர்ந்தது அது. 1999 சட்டத்தின் 27-ஆம் பிரிவு இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்கிறது. பதிவில்லாத சின்னத்துக்கு மீறல் வழக்கு கிடையாது. ஆனால் பாஸிங் ஆஃப் வழக்குத் தொடரும் உரிமையை இந்தச் சட்டத்தில் உள்ள எதுவும் பாதிக்காது.

இரண்டிலும் வாதி கேட்பது கிட்டத்தட்ட ஒன்றுதான்: தடையாணை, கூடவே நஷ்ட ஈடு அல்லது எதிராளி சம்பாதித்த லாபத்தின் கணக்கு. நிரூபிக்க வேண்டியதில்தான் பெரிய வித்தியாசம். மீறல் வழக்கில் பதிவுச் சான்றிதழே வாதியின் முதல் சாட்சி. தன் பெயர் சந்தையில் எவ்வளவு புகழ்பெற்றது என்று அவர் காட்ட வேண்டியதில்லை. அச்சாக அதே பெயர், அதே சரக்கு என்றால் குழப்பம் நேரும் என்று நீதிமன்றமே ஊகித்துக்கொள்ள வேண்டும் என்கிறது 29-ஆம் பிரிவு.

பாஸிங் ஆஃப் வழக்கில் இந்தச் சலுகை இல்லை. அங்கே மூன்றை நிறுவ வேண்டும்: வாதிக்கு அந்தப் பெயரால் வந்த நற்பெயர், வாங்குபவரைத் தவறாக நம்பவைக்கும் எதிராளியின் செயல், அதனால் வாதிக்கு நேர்ந்த அல்லது நேரக்கூடிய இழப்பு. இம்மூன்றையும் தெளிவாக வகுத்துக் காட்டியது, 1990-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த ‘ஜிஃப்’ எலுமிச்சைச் சாறு வழக்கு. எலுமிச்சம்பழ வடிவிலான பிளாஸ்டிக் புட்டிதான் அங்கே சண்டைக்குக் காரணம். இத்தகைய வழக்கில் வாதியின் கட்டு கனமாக இருக்கும். ஆண்டுவாரியான விற்பனைக் கணக்கு, விளம்பரச் செலவு, பழைய பில்கள், பத்திரிகைச் செய்திகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதிலும் எதிராளி களத்தில் இறங்கிய நாளிலேயே தனக்கு நற்பெயர் இருந்தது என்று அவை காட்ட வேண்டும். பிற்பாடு சம்பாதித்த புகழ் உதவாது.

இந்த வித்தியாசம் ஏட்டோடு நிற்பதல்ல என்பதை 1964-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த நவரத்ன வழக்கு காட்டுகிறது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார், இன்றும் வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டும் தீர்ப்பு அது. ஆயுர்வேத மருந்து தயாரித்த ‘நவரத்ன பார்மசூட்டிகல் லேபரட்டரீஸ்’ என்ற கேரள நிறுவனம், பஞ்சாபிலிருந்து ‘நவரத்ன’ என்ற சொல்லைத் தாங்கி மருந்து விற்ற ஒருவர் மீது வழக்குத் தொடர்ந்தது. பாஸிங் ஆஃப் குற்றச்சாட்டு நிற்கவில்லை. இரண்டு பொட்டலங்களின் கட்டு வேறு, நிறம் வேறு, தோற்றம் வேறு. போதாததற்கு எதிராளி தன் மருந்துச்சாலையின் பெயரையும் முகவரியையும் பொட்டலத்தில் எடுப்பாக அச்சிட்டிருந்தார். பார்த்து வாங்குபவர் ஏமாற வழியில்லை என்றாகிவிட்டது.

அப்படியானால் மீறலும் இல்லை என்று எதிராளி வாதாடினார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பாஸிங் ஆஃப் வழக்கில் பார்ப்பது விற்கப்படும் சரக்கின் முழுத் தோற்றத்தை; கூடுதலாகச் சேர்த்த விவரங்கள் இரண்டையும் பிரித்துக்காட்டப் போதுமானால் எதிராளி தப்பிக்கலாம். மீறல் வழக்கில் ஒப்பிடுவது பதிவான சின்னத்தையும் எதிராளியின் சின்னத்தையும் மட்டும். சின்னத்தின் முக்கிய அம்சங்களை எடுத்துக்கொண்டிருந்தால், பொட்டலத்தின் நிறமோ முகவரியோ காப்பாற்றாது. ஒரே வாதி, ஒரே எதிராளி, ஒரே பொட்டலம். ஒரு வழியில் தோல்வி, மறு வழியில் வெற்றி. பதிவுக்குச் செலவிடுவது வீண் என்று நினைக்கும் சிறு வியாபாரிகள் இந்த ஒரு வழக்கையாவது தெரிந்துகொள்வது நல்லது.

அதே வழக்கில் இன்னொரு கேள்வியும் இருந்தது, அதுவே இன்னும் ஆழமானது. ‘நவரத்ன’ என்பது ஆயுர்வேதத்தில் புழங்கும் பொதுச்சொல். ஒன்பது மணிகளைச் சேர்த்துச் செய்யும் மருந்தைக் குறிப்பது. ஆகவே அந்தத் தனிச்சொல்லை ஒருவர் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது என்பது ஏற்கெனவே முடிவாகியிருந்தது. பார்மசூட்டிகல், லேபரட்டரீஸ் என்பவையும் பொதுச்சொற்கள்தான். பொதுச்சொற்களைக் கோத்தால் மட்டும் தனிப்பெயர் எப்படி வரும் என்று எதிராளி கேட்டார். நீண்டகாலப் புழக்கத்தால் வரும் என்பதே விடை. மூன்று சொல்லும் சேர்ந்த அந்தப் பெயரை ஒரே நிறுவனம் விடாமல் பயன்படுத்தி வந்ததால், கேட்பவர் மனத்தில் அது அந்த நிறுவனத்தையே குறிக்கத் தொடங்கியிருந்தது.

சட்டம் ‘தனித்தன்மை’ என்று சொல்வது இதைத்தான்: ஒருவர் சரக்கை மற்றவர் சரக்கிலிருந்து பிரித்துக்காட்டும் ஆற்றல். பெயர் அழகாகவோ புதுமையாகவோ இருக்க வேண்டும் என்பதில்லை. தனித்தன்மை இல்லாத சின்னங்களைப் பதிய 9-ஆம் பிரிவு தடை போடுகிறது. சரக்கின் வகை, தரம், அளவு, பயன், விளையும் ஊர் இவற்றை மட்டுமே சொல்லும் பெயர்களும், அந்தத் தொழிலில் எல்லோரும் வழக்கமாகச் சொல்லும் சொற்களும் இந்தத் தடைக்குள் வரும். நியாயம் எளிது. ‘சுத்தமான நெய்’ என்பதை ஒருவர் தனதாக்கிக்கொண்டால், மற்ற நெய் வியாபாரிகள் தங்கள் சரக்கை எப்படி விவரிப்பார்கள்?

ஆகவே ஒரே சொல் ஒரு சரக்குக்கு வலுவான சின்னமாகவும் இன்னொன்றுக்குச் சின்னமே ஆகாததாகவும் இருக்கக்கூடும். கணினிக்கு ‘ஆப்பிள்’ என்ற பெயர் கணினியைப் பற்றி எதையும் சொல்வதில்லை. பழக்கடைக்காரருக்கு அது சரக்கின் பெயரேதான். ‘கோடக்’ போலப் புதிதாகப் புனைந்த சொல்லுக்கு எந்தப் பொருளும் இல்லை, அதனாலேயே அது மிக வலுவானது. தொழில்முனைவோர் பலரும் இதற்கு நேர்மாறாக, சரக்கின் சிறப்பைப் பளிச்சென்று சொல்லும் பெயரைத் தேடுகிறார்கள். விளம்பரத்துக்கு அது வசதி. நீதிமன்றத்தில் அதுவே பலவீனம்.

இந்தப் பலவீனம் 2020-இல் சென்னை உயர் நீதிமன்றம் முடித்த நூடுல்ஸ் வழக்கில் வெளிப்பட்டது. ஐடிசி நிறுவனம் தன் ‘யிப்பீ’ நூடுல்ஸை ‘மேஜிக் மசாலா’ என்ற பெயரோடு விற்றுவந்தது. பிறகு நெஸ்லே தன் மேகியில் ‘மேஜிக்கல் மசாலா’ கொண்டுவர, ஐடிசி பாஸிங் ஆஃப் வழக்குத் தொடர்ந்தது. மசாலா என்பது சரக்கின் பெயர்; மேஜிக் என்பது புகழ்ச்சிச் சொல், உணவுத் தொழிலில் பலரும் பயன்படுத்துவது. சுவையின் பெயராகத்தான் அது உறையில் இருந்ததே ஒழிய, வாங்குபவர் நிறுவனத்தை அடையாளம் காண்பது யிப்பீ, மேகி என்ற பெயர்களால்தான். வழக்குத் தள்ளுபடியானது.

விவரிக்கும் சொல்லுக்கு விமோசனமே இல்லை என்று பொருளல்ல. விண்ணப்பம் போடும் நாளுக்கு முன்பே புழக்கத்தால் தனித்தன்மை பெற்றுவிட்டால் பதியலாம் என்று 9-ஆம் பிரிவே விதிவிலக்குக் கொடுக்கிறது. ஆனால் மக்கள் மனத்தில் அந்தச் சொல்லின் பழைய பொருள் பின்னால் போய், கடையின் நினைவு முன்னால் வந்திருக்க வேண்டும். இது எதிர்த்திசையிலும் நடக்கும். ஆஸ்பிரின் என்பது பேயர் நிறுவனத்தின் சின்னமாக இருந்தது. பொதுமக்கள் அதை மருந்தின் பெயராகவே எடுத்துக்கொண்டதால், 1921-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று பொதுமக்களைப் பொறுத்தவரை அது பொதுச்சொல்லாகிவிட்டது என்று தீர்ப்பளித்தது.

மக்கள் வைத்த பெயரே சின்னமான கதை திருநெல்வேலியில் இருக்கிறது. 1900-இல் தொடங்கிய ஓர் அல்வாக் கடையில் வெளிச்சம் குறைவு. அதனால் அது ‘இருட்டுக்கடை’ ஆயிற்று. ‘திருநெல்வேலி அல்வா’ என்றால் ஊரும் பண்டமும்தான், அதை யாரும் உரிமை கொண்டாட முடியாது. ‘இருட்டுக்கடை’ அப்படியல்ல, இருட்டுக்கும் அல்வாவின் ருசிக்கும் சம்பந்தமில்லை, அந்த ஒரு கடையைத் தவிர வேறெதையும் அது குறிப்பதுமில்லை. கடைக்காரர்கள் ‘இருட்டுக்கடை அல்வா’ என்று பதிவும் செய்திருந்தார்கள்.

வேறொருவர் ‘திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா’ என்று விற்கத் தொடங்கி, தானும் அந்தப் பெயரைப் பதிவு செய்துகொண்டார். இரண்டு பேரும் பதிவு பெற்றவர்கள் என்றால் ஒருவர்மேல் ஒருவர் மீறல் வழக்குப் போட முடியாது என்கிறது 28-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. அதைப் பிடித்துக்கொண்டு அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015-இல் வந்த தீர்ப்பு அவருக்கு எதிரானது. மீறல் வழக்குத்தான் அடைபடுகிறது. பாஸிங் ஆஃப் வழக்கு அடைபடவில்லை. பதிவு புதிதாக ஓர் உரிமையைப் படைப்பதில்லை, ஏற்கெனவே இருக்கும் உரிமையை அங்கீகரிக்கிறது. முன்னரே பயன்படுத்தியவரின் உரிமை, பதிவு பெற்ற பின்வந்தவரின் உரிமையைவிட மேலானது. நவரத்ன வழக்கில் பாஸிங் ஆஃப் கைவிட்ட இடத்தில் பதிவு காப்பாற்றியது. இங்கே பதிவுக்குப் பதிவு முட்டிக்கொண்ட இடத்தில் பழைய உரிமை காப்பாற்றியது.

இதனால்தான் வழக்கறிஞர்கள் பெரும்பாலும் ஒரே மனுவில் இரண்டையும் சேர்த்துக் கேட்கிறார்கள். அதற்கும் ஒரு வரம்பு உண்டு. மீறல் வழக்கை வாதி தன் வியாபாரம் நடக்கும் ஊரிலேயே போடலாம் என்கிறது 134-ஆம் பிரிவு. பாஸிங் ஆஃபுக்கு இந்த வசதி இல்லை. எதிராளி இருக்கும் ஊரிலோ, ஏமாற்று விற்பனை நடந்த ஊரிலோதான் போட வேண்டும். ஒரே நீதிமன்றத்துக்கு இரண்டையும் விசாரிக்கும் அதிகாரம் இருந்தால் மட்டுமே சேர்த்துக் கேட்கலாம் என்று தோதா ஹவுஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மதுரைக் கடைக்காரர் ஒருவரின் பெயரில் டெல்லியில் மட்டும் யாராவது சரக்கு விற்றால், மீறல் வழக்கை அவர் மதுரையிலேயே நடத்தலாம். பாஸிங் ஆஃபுக்கு டெல்லிக்குத்தான் போக வேண்டும்.