இன்னொரு வைத்தியரிடம் காட்டப் போகிறீர்களா? கையில் என்ன கொண்டுபோக வேண்டும்

புதுக்குடியிருப்பில் வசிக்கும் 48 வயதுத் தாய் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மார்பில் ஒரு கட்டி. மாவட்ட வைத்தியசாலையில் ஊசியால் சிறு சதைத் துண்டு எடுத்துப் பயோப்சி செய்தார்கள். புற்றுநோய் என்று அறிக்கை வந்தது. மார்பு முழுவதையும் அகற்ற வேண்டும் என்று சொல்லப்பட்டது. இன்னொரு நிபுணரிடமும் ஒருமுறை கேட்டுப்பார்க்கலாம் என்று மகள் நினைக்கிறார். பரந்தன் வீதியால் ஏ9 வீதிக்கு ஏறி, தெல்லிப்பளை வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போகலாம். 2011ஆம் ஆண்டு தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை நடந்த நடைபவனியில் சேர்ந்த பணத்தில் கட்டப்பட்ட பிரிவு அது. அல்லது 300 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போகலாம்.

எங்கே போனாலும் முதலில் கேட்கப்படுவது ஒன்றுதான்: "பழைய ரிப்போட்டுகள் எங்கே?" கையில் ஒரு தாள் மட்டும் இருந்தால், புதிய வைத்தியரால் அந்தத் தாளைத்தான் திருப்பி வாசிக்க முடியும். அது இரண்டாவது கருத்து ஆகாது. முதல் நிபுணர் எதைப் பார்த்து முடிவு சொன்னாரோ, அதையே இரண்டாமவரும் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

சிலைட்டும் மெழுகுக் கட்டியும்

பயோப்சிக்கு எடுத்த சதை, போமலின் திரவத்தில் போடப்பட்டு ஆய்வுகூடத்துக்குப் போகும். அங்கே அதை மெழுகுக்குள் பதித்து ஒரு சிறு கட்டியாக்குவார்கள். அந்தக் கட்டியில் இருந்து தலைமயிரின் தடிப்பைவிடப் பல மடங்கு மெல்லிய சீவல்களை வெட்டி, கண்ணாடித் தட்டில் ஒட்டி, சாயம் ஏற்றுவார்கள். அதுதான் சிலைட். நோயியல் நிபுணர் அதை நுணுக்குக்காட்டியில் பார்த்துத்தான் அறிக்கை எழுதுகிறார்.

நோயாளிக்குக் கிடைப்பது அறிக்கை மட்டுமே. சிலைட்டும் மெழுகுக் கட்டியும் ஆய்வுகூடத்தில் பாதுகாக்கப்படும். கேட்டால்தான் வெளியே வரும்.

இந்தத் தாயின் அறிக்கையில் புற்றுநோய் என்று இருக்கிறது. ஆனால் ஈ.ஆர்., பீ.ஆர்., ஹேர்-2 என்ற மூன்று பரிசோதனைகளின் முடிவு இல்லை. ஹோர்மோன் மாத்திரை உதவுமா, வேறு விசேட மருந்து தேவையா என்பதை அவைதான் காட்டும். மெழுகுக் கட்டி கையில் இருந்தால் அதில் இருந்தே புதிய சீவல்கள் வெட்டி அவற்றைச் செய்யலாம். கட்டி இல்லாவிட்டால் அந்தத் தாய்க்கு மீண்டும் ஊசி குத்த வேண்டி வரலாம்.

மெல்லிய ஊசியால் கலங்களை மட்டும் உறிஞ்சி எடுத்திருந்தால் நிலைமை வேறு. அதில் பெரும்பாலும் மெழுகுக் கட்டி இருக்காது, சிலைட் மட்டுமே இருக்கும். அது உடைந்தால் திரும்ப வெட்ட எதுவும் இல்லை. ஆகவே உங்களுக்கு எந்த வகைப் பரிசோதனை நடந்தது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எப்படிக் கேட்பது

வைத்தியர் கோபிப்பார் என்ற பயத்தில் பலர் சொல்லாமலே போய்விடுகிறார்கள். சொல்லாமல் போனால் சிலைட் கிடைப்பது கடினம். மகள் இப்படிக் கேட்கலாம்: "டொக்டர், ஒபரேசனுக்கு முதல் இன்னொரு இடத்திலயும் ஒருக்கா காட்டிப் பார்க்க யோசிக்கிறம். சிலைட் எடுக்க ஒரு கடிதம் தர ஏலுமோ? எத்தினை நாள் பொறுக்கலாம்?"

கடைசிக் கேள்வி முக்கியம். இப்படியான கட்டிக்கு ஓரிரு வாரம் பொறுப்பதில் பெரும்பாலும் ஆபத்தில்லை. இரத்தப்போக்கு, திடீரெனக் கால் விறைத்து நடக்க முடியாமை, மூச்சுத்திணறல் போன்றவை இருந்தால் பொறுக்கக் கூடாது. இருக்கும் இடத்திலேயே உடனே சிகிச்சை எடுக்க வேண்டும்.

கடிதத்துடன் பயோப்சி அறிக்கையின் பிரதி, அடையாள அட்டை இரண்டையும் கொண்டுபோங்கள். நோயாளி வரமுடியாவிட்டால் அவர் கையொப்பமிட்ட கடிதமும் தேவை. சிலைட்டை வாங்கியதும் அதில் எழுதியுள்ள இலக்கத்தையும் அறிக்கையில் உள்ள ஆய்வுகூட இலக்கத்தையும் அங்கேயே ஒப்பிடுங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் அது இன்னொருவருடைய சதையாக இருக்கக் கூடும். எத்தனை சிலைட், எத்தனை கட்டி, எப்போது திருப்பித் தரவேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

சிலைட்டைக் கடதாசியில் சுற்றிக் கைப்பையில் போடாதீர்கள். அதற்கான பிளாஸ்டிக் பெட்டியை ஆய்வுகூடத்தில் கேளுங்கள். மெழுகு சூட்டில் இளகும். வெயிலில் நிறுத்திய வாகனத்தின் முன்கண்ணாடியோரம் அதை வைக்க வேண்டாம். மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.

ஸ்கேன்

ஸ்கேன் பிலிமைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக் காட்டினால் வைத்தியரால் அதிகம் சொல்ல முடியாது. சீ.ரி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும். பிலிமில் அச்சாவது அவற்றில் சில மட்டுமே. ஸ்கேன் செய்த இடத்தில் முழுப்படங்களையும் இறுவட்டில் கேளுங்கள். அதைக் கணனியில் போட்டால் DICOMDIR என்ற பெயரில் ஒரு கோப்பு தெரிய வேண்டும். வெறும் JPG படங்கள் மட்டும் இருந்தால் திரும்பக் கேளுங்கள். பிலிமையும் கூடவே கொண்டுபோங்கள், சில கிளினிக்குகளில் இறுவட்டைத் திறக்க வசதி இருக்காது.

உடலில் செல் துண்டு இருந்தால்

இந்தத் தாயின் தோளில் 2009இல் பட்ட செல் துண்டு ஒன்று இன்னும் இருக்கிறது. வலி இல்லாததால் அவரே மறந்துவிட்டார். ஆனால் எம்.ஆர்.ஐ. இயந்திரம் மிகப் பலமான காந்தம். இரும்பு கலந்த துண்டு அதற்குள் அசையவோ சூடாகவோ கூடும். கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் ஆகியவற்றுக்கு அருகில் இருந்தால் அது பேராபத்து. சீ.ரி. ஸ்கேனில் துண்டைச் சுற்றிக் கோடுகள் விழுந்து படத்தை மறைக்கும்.

ஆகவே காயம் பட்ட ஒவ்வொருவரும் ஸ்கேனுக்கு முன் அதைச் சொல்ல வேண்டும். துண்டு தெரியும் பழைய எக்ஸ்ரே இருந்தால் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். துண்டு இருக்கும் இடத்தைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுவித்தால், ஒவ்வொரு இடத்திலும் நினைவுபடுத்த வேண்டி வராது.

ஒரு கோவை

கிளினிக் கொப்பி, வீட்டுக்கு விடும்போது தந்த டயக்னோஸிஸ் காட், இரத்தப் பரிசோதனை முடிவுகள், குடிக்கும் மாத்திரைகளின் பெயர்கள் ஆகியவற்றைத் திகதி ஒழுங்கில் ஒரு கோவையில் போடுங்கள். வார்ட்டில் எழுதிய குறிப்புகள் வைத்தியசாலையிலேயே இருக்கும். டயக்னோஸிஸ் காட்டில் உள்ள பீ.எச்.ரி. இலக்கம் இருந்தால் அவற்றைத் தேடி எடுக்கலாம். போரில் பழைய ஆவணங்களை இழந்தவர்கள், நடந்த சத்திரசிகிச்சையின் ஆண்டையும் வைத்தியசாலையையும் நினைவில் உள்ளவரை எழுதிவையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பக்கச் சுருக்கம் வையுங்கள்: எப்போது கட்டி தெரிந்தது, என்ன பரிசோதனை, என்ன சொன்னார்கள், என்ன கேட்க வந்தோம். தென்பகுதிக்குப் போவதாயின் அதை ஆங்கிலத்தில் எழுதுவித்தால் மொழிச் சிக்கல் குறையும். கடதாசிகளின் மூலப்பிரதியை எங்கேயும் விட்டுவராதீர்கள். போட்டோப்பிரதியைக் கொடுங்கள்.

இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால்

இந்தத் தாயின் விடயத்தில் இரண்டாவது நிபுணரும் புற்றுநோய்தான் என்று சொல்லலாம். ஆனால் கட்டி சிறிதாக இருப்பதால் அதை மட்டும் அகற்றிக் கதிர்ச் சிகிச்சை கொடுக்கலாம் என்றும் சொல்லலாம். இரண்டுமே சரியான வழிகளாக இருக்கக் கூடும். கதிர்ச் சிகிச்சைக்கு வாரக்கணக்கில் தெல்லிப்பளையிலோ மஹரகமவிலோ தங்க வேண்டிவரும் என்பதையும் குடும்பம் யோசிக்க வேண்டும்.

நோயின் பெயரே மாறினால் நிலைமை வேறு. அப்போது நீங்களாக ஒன்றைத் தெரிவு செய்யாதீர்கள். இரண்டாவது அறிக்கையை எழுத்தில் வாங்கி முதல் வைத்தியரிடம் காட்டுங்கள். இரு நிபுணர்களும் பேசிக்கொள்ளும்படி, அல்லது சிலைட்டை மூன்றாவது நோயியல் நிபுணருக்கு அனுப்பும்படி கேளுங்கள். அதுவரை சிலைட்டும் கட்டியும் எங்கே இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சத்திரசிகிச்சைக்கு முன் எடுத்த சதையில் பின்னர் பார்க்க மிஞ்சியிருப்பது அவை மட்டுமே.