வாடகை கட்டடத்துக்கு, விலையேற்றம் மனைக்கு

சென்ற மாதம் என் சித்தி மகன் மடிப்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டைப் பார்த்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான். மூன்று மாடிக் கட்டடம், பன்னிரண்டு வருஷம் பழசு, ஆயிரம் சதுர அடி, இரண்டு படுக்கையறை. கேட்கும் விலை 75 லட்சம். இப்போது குடியிருப்பவர் மாதம் 21,000 ரூபாய் வாடகை தருகிறார்.

"அண்ணே, வாடகையே மூணு பர்சென்டுக்கு மேல வருது. விலை வருஷத்துக்குப் பத்து பர்சென்ட் ஏறும்னு புரோக்கர் சொல்றாரு. ரெண்டையும் கூட்டினா பதிமூணு. பேங்க்ல எவன் தர்றான்?"

கூட்டல் சரிதான். கூட்டிய இரண்டும்தான் ஒரே இனம் இல்லை. வாடகை, ஒருவர் தன் சம்பளத்திலிருந்து மாதாமாதம் எடுத்துத் தரும் பணம். பத்து சதவீதம் என்பது, பின்னால் ஒருவர் வந்து தருவார் என்று இன்னொருவர் சொல்லும் பேச்சு. முதலில் கையில் இருக்கும் வாடகையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

வருஷத்துக்கு 2,52,000 ரூபாய். அதை 75 லட்சத்தால் வகுத்தால் 3.36 சதவீதம். ஆனால் 75 லட்சத்தோடு வீடு கைக்கு வராது. பழைய ஃப்ளாட்டை வாங்கினால் தமிழ்நாட்டில் முத்திரைத்தாள் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இது மட்டும் 6,75,000. புரோக்கருக்கு ஒரு சதவீதம், கொஞ்சம் பெயின்ட், குழாய், வயரிங் வேலை எல்லாம் சேர்த்தால் உள்ளே போகும் பணம் 84 லட்சம். வகுக்க வேண்டிய எண் இதுதான்.

மேலே உள்ள எண்ணும் குறையும். குடியிருப்பவர் மாறும்போது வீடு காலியாக இருக்கும். சராசரியாக வருஷத்துக்கு ஒரு மாதம் போகும் என்று வைத்தோம். அந்த மாதத்தின் மெயின்டனன்ஸ் நம் தலையில். சொத்து வரி, புது ஆள் பிடிக்கும் கமிஷன், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேரில் நம் பங்கு. இவற்றைக் கழித்தால் மிச்சம் 1,96,500. வருமான வரியில் வாடகைக்கு 30 சதவீதக் கழிவு உண்டு. என் தம்பி 20 சதவீத வரி அடுக்கில் இருப்பவன், அதனால் அந்தக் கழிவுக்குப் பிறகும் 33,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக வரி போகும். கடைசியில் கையில் நிற்பது ஏறக்குறைய 1,64,000. 84 லட்சத்துக்கு அது இரண்டு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

(கடன் வாங்கியா, கைப்பணமா என்று கேட்டேன். கைப்பணம், அப்பா விற்ற நிலத்தின் காசு. நல்லதாயிற்று. 60 லட்சம் கடனுக்கு எட்டே முக்கால் சதவீத வட்டியில் இருபது வருஷ இஎம்ஐ 53,000 ரூபாய். 21,000 வாடகை அதைக் கட்டாது.)

அதே 84 லட்சத்தை 7 சதவீத வைப்புநிதியில் போட்டால், அவனுக்கு வரி போக ஐந்தரை சதவீதம் நிற்கும். ஆக, வாடகை தராத மிச்சத்தை விலையேற்றம்தான் தந்தாக வேண்டும். எவ்வளவு? பத்து வருஷக் கணக்காகப் போட்டோம். வாடகை ஆண்டுக்கு 5 சதவீதம் கூடும் என்று தாராளமாகவே வைத்தோம். வந்த வாடகையையும் வங்கியில் போட்டுக்கொண்டே வருகிறோம். விற்கும்போது மறுபடி புரோக்கர் கமிஷன், லாபத்தில் பன்னிரண்டரை சதவீத மூலதன ஆதாய வரி, அதற்கு மேல் செஸ். 2024 ஜூலை 23 முதல் வாங்கும் வீட்டுக்கு, பணவீக்கத்தைக் கழித்துக் காட்டும் பழைய இன்டெக்ஸேஷன் சலுகை கிடையாது என்பதால் முழு லாபத்துக்கும் வரி. எல்லாம் போக, வைப்புநிதிக்குச் சமமாக நிற்கவே அந்த வீடு பத்தாவது வருஷம் 1 கோடியே 24 லட்சத்துக்கு விற்க வேண்டும். அதாவது ஆண்டுக்கு ஐந்தே கால் சதவீதம் ஏற வேண்டும்.

"பத்து ஏறும்கிறப்போ அஞ்சேகால் ஏறாதா?" என்றான்.

இங்கேதான் ஃப்ளாட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பத்திரத்தில் 'பிரிபடாத பாகம்' என்று ஒரு அளவு இருக்கும். பேச்சில் யூடிஎஸ். கட்டடம் நிற்கும் மனையில் நம் பங்கு அது. இந்த வீட்டுக்கு 500 சதுர அடி. அந்தத் தெருவில் மனை சதுர அடி 8,000 ரூபாய் போகிறது என்றால், 75 லட்சத்தில் 40 லட்சம் மண்ணுக்கு, 35 லட்சம் சுவருக்கும் கூரைக்கும். வாடகைக்கு வருபவர் சுவரையும் கூரையையும்தான் பார்க்கிறார். தண்ணீர் வருகிறதா, லிஃப்ட் ஓடுகிறதா, வண்டி நிறுத்த இடம் உண்டா என்று கேட்பாரே தவிர யூடிஎஸ் எவ்வளவு என்று எந்த வாடகைதாரரும் கேட்டதில்லை. ஆனால் வருஷம் போகப்போக மதிப்பு கூடுவது அவர் கேட்காத அந்த மண்ணுக்குத்தான். கட்டடம் தேய்கிறது.

பத்து வருஷம் கழித்து இந்தக் கட்டடத்துக்கு வயது இருபத்திரண்டு. சிமென்ட்டும் கூலியும் ஏறுவதால் பழைய கட்டடத்துக்கும் கொஞ்சம் மதிப்பு தாங்கும். அதையும் சேர்த்து 25 லட்சம் நிற்கும் என்று வைப்போம். அப்போது 1 கோடியே 24 லட்சத்தில் மீதி 99 லட்சத்தை 500 சதுர அடி மண் தர வேண்டும். மனை சதுர அடி ஏறக்குறைய 20,000 ஆக வேண்டும். வீடு ஐந்தே கால் சதவீதம் ஏற, மண் ஒன்பதரை சதவீதம் ஏற வேண்டியிருக்கிறது. புரோக்கர் சொன்ன பத்து பொய்யில்லாமலும் இருக்கலாம். பக்கத்துக் காலி மனைக்கு அது நடந்திருக்கும், அதை அவர் ஃப்ளாட்டுக்கும் சொல்லிவிட்டார்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் ஊருக்குள் ஒவ்வொரு வகை ஃப்ளாட்டும் வேறு வேறு பண்டமாகத் தெரியும். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு பதினெட்டு மாடிக் கோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதே ஆயிரம் சதுர அடி, 80 லட்சம். நீச்சல்குளம், ஜிம், பக்கத்திலேயே ஐடி கம்பெனிகள். வாடகை 28,000 வந்தால் கணக்கு நாலு சதவீதத்தைத் தாண்டுகிறது. ஆனால் மண் பங்கு 280 சதுர அடி இருந்தால் பெரிது. காரணம், ஒரு மனையில் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற எஃப்எஸ்ஐ விதி. 2019 விதிகளின்படி சாதாரணக் கட்டடத்துக்கு மனையின் பரப்பைப்போல 2 மடங்கு, உயர்மாடிக் கட்டடத்துக்கு 3.25 மடங்கு. மாடி கூடக்கூட ஒவ்வொருவர் காலடியிலும் மண் குறைகிறது. மனை விலை 8,000 என்றே வைத்து அது இரட்டித்தால், மடிப்பாக்கத்து வீட்டில் 40 லட்சம் கூடும். கோபுரத்தில் 22 லட்சம்தான். அதோடு, பக்கத்தில் இன்னும் புதிய கோபுரம் எழும்பினால் வாடகைதாரர் அங்கே நகர்வார். கோபுரத்தை வாங்குகிறவர் வாடகைக்காகவே வாங்க வேண்டும், மெயின்டனன்ஸ் போக அது நிற்கிறதா என்று பார்த்து.

மயிலாப்பூரில் நாற்பது வருஷப் பழைய, லிஃப்ட் இல்லாத ஃப்ளாட் இதற்கு நேர் எதிர். விலை ஒரு கோடி நாற்பது லட்சம், வாடகை 25,000 என்றால் இரண்டு சதவீதத்தை ஒட்டித்தான் வரும். அங்கே கொடுக்கும் பணம் ஏறக்குறைய முழுவதும் மண்ணுக்கு. அந்த மண்ணின் மதிப்பு கைக்கு வருவது, எல்லோரும் சேர்ந்து கட்டடத்தை இடித்து பில்டரிடம் கொடுக்கும் நாளில்தான். 1.5 ஆக இருந்த எஃப்எஸ்ஐ 2 ஆனதால் அந்தப் பழைய மனையில் இப்போது கூடுதலாகக் கட்டலாம், பில்டருக்கு லாபம் அங்கேதான். முன்பு ஒரு வீட்டுக்காரர் மறுத்தாலும் இழுபறி. 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்பினால் போதும் என்கிறது. அப்படியும் அந்த நாள் எப்போது வரும் என்பது மாடியில் குடியிருக்கும் மற்ற குடும்பங்களின் மனத்தைப் பொறுத்தது. ஐந்து வருஷத்தில் பணம் வேண்டும் என்பவர் இதைத் தொடக்கூடாது என்பது என் எண்ணம்.

சரி, மடிப்பாக்கத்து வீடு உண்மையில் எவ்வளவு ஏறியிருக்கிறது? இதற்கு ஆளைக் கேட்க வேண்டியதில்லை. tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்றை இலவசமாகப் பார்க்கலாம். எல்லோரும் தாங்கள் வாங்கும் வீட்டுக்கு மட்டும் வில்லங்கம் போடுகிறார்கள். சர்வே எண்ணைக் கொடுத்துப் போட்டால் அதே மனையில் உள்ள மற்ற ஃப்ளாட்டுகள் கைமாறியதும் வரும், கைமாற்றுத் தொகையோடு.

அந்தத் தொகையை அப்படியே நம்பவும் கூடாது. பில்டரிடமிருந்து முதலில் வாங்கிய பத்திரங்களை விட்டுவிட வேண்டும். 2023 டிசம்பருக்கு முன்பு புது ஃப்ளாட்டுக்கு மனைப் பங்கை மட்டும் கிரயம் செய்து, கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் போடுவது வழக்கம். அந்தக் கிரயத் தொகை முழு வீட்டின் விலை அல்ல. அதோடு இன்றைய விலையை ஒப்பிட்டால் மூன்று மடங்கு ஏறியதுபோல் தெரியும். பழைய வீடு கைமாறிய பத்திரத்திலும் ஒரு பகுதி ரொக்கமாகப் போயிருக்கலாம். ஆனால் கிரயத்தை அடுத்து, அதே நாளிலோ சில நாளிலோ, வங்கிக்கு உரிமை ஆவணங்களை ஒப்படைத்த பதிவு இருந்தால், வாங்கியவர் கடன் போட்டிருக்கிறார். கடன் பெரிதாகக் கிடைக்கப் பத்திரத்தில் நிஜ விலையைக் காட்டுவதே அவருக்கு வசதி. அந்தப் பதிவுகளைத்தான் நான் நம்புவேன்.

எங்களுக்கு அப்படி ஒன்று கிடைத்தது. இரண்டாம் மாடியில் அதே அளவு வீடு 2016இல் 52 லட்சத்துக்கு வங்கிக் கடனோடு கைமாறி, 2024இல் 68 லட்சத்துக்கு மறுபடி கைமாறியிருந்தது, அதுவும் கடனோடு. எட்டு வருஷத்தில் ஆண்டுக்கு 3.4 சதவீதம். வாடகை எப்படி என்று கீழே வாட்ச்மேனிடமும், சங்கச் செயலாளரான பெரியவரிடமும் தம்பி விசாரித்தான். 2016இல் பதினைந்தரை ஆயிரம், 2024இல் 20,000. இரண்டு வருஷத்திலும் வாடகையை விலையால் வகுத்தால் மூன்றரை சதவீதம்தான் வருகிறது.

இது எனக்குப் பிடித்த செய்தி. வாடகை நகராமல் விலை மட்டும் ஓடியிருந்தால் இந்தச் சதவீதம் இறங்கியிருக்கும், ஏறியது வெறும் எதிர்பார்ப்பு என்று புரிந்துகொள்ள வேண்டியிருக்கும். இங்கே இரண்டும் கைகோத்தே நடந்திருக்கின்றன. விலை ஊதியதல்ல. ஆனால் பத்தும் அல்ல, தேவைப்பட்ட ஐந்தே காலும் அல்ல. இதே வேகத்தில் போனால் பத்தாவது வருஷம் 1 கோடியே 5 லட்சம். தாராளமாக வைத்த வாடகையையும் சேர்த்து, ஆண்டுக்கு நாலேகால் சதவீதம்.

தம்பி கால்குலேட்டரைத் தள்ளி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "மூணரை சதவீதம்னா 21,000 வாடகைக்கு எழுவத்தி ரெண்டுதானேண்ணே விலை?" என்று கேட்டான். எழுபதுக்குக் கேட்டுப் பார்க்கிறேன் என்று போனான். விற்பவர் எழுபத்துமூன்றரையில் நிற்கிறாராம்.