வயிற்றோடு வளரும் உடை

வயிறு பெரிதாகத் தொடங்கியதும், வழக்கமான அளவைவிட இரண்டு அளவு பெரிய சுடிதாரை வாங்குவோர் பலர். கர்ப்ப காலத்தில் தோள் அகலம் பெரும்பாலும் மாறுவதில்லை. மார்பும் வயிறுமே பெரிதாகின்றன. எனவே பெரிய உடை தோளிலிருந்து நழுவும். வயிறு துணியை இழுப்பதால் முன்பக்க ஓரம் மேலேறி, பின்பக்கம் தாழ்ந்து தொங்கும்.

ஐந்தாம் மாதத்தில் ஒருவர் மதுரைச் சுங்குடித் துணியில் மேலாடை தைக்கக் கொடுப்பதாகக் கொள்வோம். சுங்குடி மெல்லிய பருத்தியாதலால் நம் ஊர் வெயிலுக்கு ஏற்றது. எனினும் அது இழுத்தால் நீளாது. ஆகவே வளரும் உடலுக்கு வேண்டிய இடத்தைத் தையற்காரரே வெட்டில் அமைத்துத் தரவேண்டும். தைக்குமுன் துணியை நனைத்து உலர்த்திவிட்டால், பின்னர் சுருங்கி இறுக்காது.

முதலில் இடுப்புத் தையலை மார்புக்குச் சற்றுக் கீழே உயர்த்தவேண்டும். இதனை ‘எம்பயர்’ தையல் என்பர். நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுப் பேரரசின் நினைவாக வந்த பெயர் இது. தையலுக்கு மேலே உடை உடலோடு பொருந்தி நிற்கும். கீழே சுருக்கு வைத்த துணி வயிற்றின்மேல் தளர்ந்து விழும். முன்பாகத்தைப் பின்பாகத்தைவிட இரண்டு அங்குலம் நீளமாக வெட்டி, அந்த மிகுதியை வயிற்றின் இரு பக்கத் தையல்களிலும் சுருக்கிச் சேர்த்தால், ஒன்பதாம் மாதத்திலும் ஓரம் சமமாக நிற்கும். விலா எலும்புக்கூடும் விரிவதால், பக்கத் தையல்களுக்குள் ஓர் அங்குலத் துணி விட்டுவைக்கச் சொல்லுங்கள். கையை உயர்த்தும்போது தையல் மார்பின்மேல் ஏறினால், அது தவறான இடத்தில் உள்ளது.

கால்சட்டையில் நாடாவுக்குப் பதிலாக, வயிற்றுப் பகுதியில் நீளும் பின்னல் துணியை இணைக்கலாம். அழுத்தம் ஒரே கோட்டில் விழாமல் பரவும். அமர்ந்து எழுந்தபின் தோலில் ஆழ்ந்த தடம் தெரிந்தால் அது இறுக்கமாக உள்ளது. பாவாடை நாடாவையும் வயிற்றுக்குக் கீழே தளர்வாகக் கட்டுவது நலம்.

முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து பக்கத்தில் முடிச்சிடும் உடை, மாதந்தோறும் முடிச்சைத் தளர்த்தி அணிய உதவும். பிரசவத்துக்குப் பின் தாய்ப்பால் புகட்டவும் எளிது. மடிப்பு குறுகினால் அமரும்போது விலகிவிடும். தைத்ததும் அமர்ந்து பார்த்தே வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் தையற்காரரிடம் கொண்டுசெல்ல வேண்டாம். ஓரிரு நாட்களில் கைப்பகுதியும் வளையலும் திடீரென இறுகினாலோ, முகம் வீங்கினாலோ, தலைவலியோடு பார்வை மங்கினாலோ, அது இரத்த அழுத்தம் உயர்ந்ததன் அறிகுறியாக இருக்கலாம். தாமதியாது மருத்துவமனைக்கு வாருங்கள்.