ஆயிரம் ரூபாய்க்கு ஒரு காவலாள்

கூகுள் விளம்பரத்தில் தினசரி பட்ஜெட் ₹1,000 என்று போட்டால், ஒரு நாளில் ₹2,000 வரை செலவாகலாம். இது பிழையல்ல, விதியே அப்படித்தான். மாதக் கணக்கில் ₹30,400-ஐத் தாண்டாது என்பதுதான் உத்தரவாதம். கையில் அன்றன்றைக்குக் காசு புரட்டும் கடைக்காரருக்கு அது போதாது.

அவருக்கு உதவுவது சின்ன ஸ்கிரிப்ட். மணிக்கொரு முறை ஓடி, இன்றைய செலவு ₹1,500-ஐத் தாண்டியதா என்று பார்க்கும். தாண்டியிருந்தால் விளம்பரத்தை நிறுத்தி மின்னஞ்சல் அனுப்பும். ஆனால் செலவுக் கணக்கு சில மணி நேரம் தாமதமாக வரலாம். திரையில் ₹1,500 தெரியும்போது நிஜச் செலவு ₹1,700 ஆகியிருக்கலாம். ஆகவே வரம்பைக் கொஞ்சம் முன்னாலேயே, ₹1,300-இல் வைப்பது நல்லது.

பலரும் மறப்பது மறுநாள் காலையை. நின்ற விளம்பரம் தானாக எழாது. எழுப்ப இன்னொரு விதி வேண்டும். அந்த விதியோ, சரக்கு தீர்ந்ததென்று நீங்களே நிறுத்திவைத்ததையும் சேர்த்து ஓடவிட்டுவிடும். அதனால் ஸ்கிரிப்ட், தான் நிறுத்தியவற்றுக்கு மட்டும் ஒரு லேபிள் ஒட்ட வேண்டும். காலை விதி அந்த லேபிள் உள்ளவற்றை மட்டும் இயக்கி, லேபிளையும் கழற்றிவிட வேண்டும்.